குழந்தையின் வாட்ச்சில் அனுமதிப் பட்டியல்: வர வேண்டிய அழைப்பு வராமலும் வேண்டாத அழைப்பு வந்தும் தொல்லை தந்தால்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஜூன் மாதம் பள்ளி திறந்துவிட்டால், சிம் போடும் குழந்தை வாட்ச்சைத் தூக்கிக்கொண்டு பெற்றோர் வர ஆரம்பித்துவிடுவார்கள். நெல்லிக்குப்பத்திலிருந்தும் வருவார்கள், அந்தப் பக்கம் அரியாங்குப்பத்திலிருந்தும் வருவார்கள். எல்லோரும் சொல்வது "வாட்ச் ரிப்பேர்" என்றுதான். ஆனால் ஸ்க்ரூடிரைவர் எடுக்க வேண்டிய வாட்ச் அதில் கொஞ்சம்தான். மீதி எல்லாமே, யார் யார் அழைக்கலாம் என்று வைக்கிற அனுமதிப் பட்டியலில் வருகிற கோளாறு. அதை வீட்டிலேயே சரிசெய்துகொள்ளலாம் என்பதால் எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். வாட்ச்சை இயக்க நம் போனில் ஏற்றுகிற ஆப்பில் மூன்று தனித்தனிப் பட்டியல்கள் இருக்கும். ஒன்று, வாட்ச்சோடு பேசக்கூடிய நம்பர்கள். இது `Phonebook`, `Contacts`, `Whitelist` என்று ஆப்புக்கு ஆப்பு பெயர் மாறும். இரண்டாவது `SOS`, அவசரப் பொத்தானை அழுத்தினால் போகிற நம்பர்கள். மூன்றாவது, ஆப்பைத் தன் போனில் ஏற்றி வாட்ச்சோடு இணைந்திருக்கும் குடும்ப உறுப்பினர்கள். குழந்தை எங்கே இருக்கிறது என்று பார்க்க முடிவது இந்த மூன்றாவது கூட்டத்துக்குத்தான். ஒன்றில் சேர்த்தால் மற்றதில் தானாகச் சேராது. பாதிக் குழப்பம் இங்கேயே தொடங்குகிறது.

## பட்டியலில் இருக்கிற நம்பரிலிருந்து அழைத்தும் போகவில்லை

### முதலில், அழைப்பவர் காதில் என்ன கேட்கிறது?

வாட்ச்சைத் தொடுவதற்கு முன் இதைக் கேட்டுவிடுங்கள்.

"தொடர்பு எல்லைக்கு வெளியே" அல்லது "ஸ்விட்ச் ஆஃப்" என்று அறிவிப்பு வந்தால், வாட்ச் டவரையே பிடிக்கவில்லை. பட்டியலைத் துழாவிப் பயனில்லை. சிம்மைக் கழற்றித் துடைத்துப் போடுங்கள். சிம்மில் `PIN` எண் பூட்டு இருந்தால் வேறொரு போனில் போட்டு அதை எடுத்துவிடுங்கள். 2ஜி வாட்ச்சில் ஜியோ சிம் போட்டிருந்தால் எத்தனை முறை கழற்றிப் போட்டாலும் டவர் வராது, ஜியோவுக்கு 2ஜி சேவையே கிடையாது. 4ஜி வாட்ச்சாக இருந்து, ஆப்பில் இடம் சரியாகக் காட்டுகிறது, பேச மட்டும் முடியவில்லை என்றால் 4ஜியிலேயே பேசவைக்கிற வோல்ட்டி வசதி அந்த வாட்ச்சுக்கும் சிம் கம்பெனிக்கும் ஒத்துப்போகவில்லை என்று சந்தேகப்படலாம். வீட்டில் இருக்கிற வேறு கம்பெனி சிம்மைப் போட்டு ஒரு அழைப்பு செய்து பார்த்தால் தெரிந்துவிடும்.

இன்கமிங் வசதி இல்லை என்று அறிவிப்பு வந்தால் ரீசார்ஜ் தீர்ந்துவிட்டது. வாட்ச் நம்பருக்கு வருகிற நினைவூட்டல் எஸ்எம்எஸ்ஸை யாரும் படிப்பதில்லை, அதனால் இது அடிக்கடி நடக்கிறது.

ஒரு முறை மணி அடித்து உடனே கட் ஆகிறது, அல்லது எடுத்த எடுப்பிலேயே பிஸி என்று வருகிறது என்றால், வாட்ச் உயிரோடுதான் இருக்கிறது, அதுவே அழைப்பை மறுக்கிறது. இப்போதுதான் பட்டியல் பக்கம் வர வேண்டும்.

### நம்பர் எழுதிய விதம்

கடையில் நான் முதலில் செய்வது ஒரே ஒரு சோதனை. தெரியாதவர் அழைப்பை மறுக்கும் பொத்தானை ஆப்பில் இரண்டு நிமிஷம் அணைத்து வைப்பேன். சிக்கல் உள்ள அந்த ஆளை அவருடைய போனிலிருந்தே வாட்ச்சுக்கு அழைக்கச் சொல்வேன். வாட்ச் முகத்தில் பெயர் வந்தால் வாட்ச் அவரை அடையாளம் கண்டுகொண்டது. பெயர் வராமல் வெறும் நம்பர் வந்தால், பட்டியலில் நீங்கள் எழுதியதும் வலைப்பின்னல் கொண்டுவருவதும் வேறு வேறு. திரையில் வந்த நம்பரை எழுத்து மாறாமல் தாளில் எழுதிக்கொண்டு, பழைய பதிவை அழித்து, அதே மாதிரி புதிதாகப் பதியுங்கள். பிறகு மறுப்புப் பொத்தானை மறக்காமல் திரும்பப் போடுங்கள்.

கைப்பேசி நம்பரை `+91` சேர்த்து எழுதினால் பெரும்பாலும் பொருந்திவிடும். நாட்டுக் குறியீட்டுக்கு ஆப்பில் தனிக் கட்டம் இருந்தால் அங்கே 91, இங்கே பத்து இலக்கம். முன்னால் 0 போட்டு எழுதுகிற பழைய பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

தரைவழி போனில்தான் நம்மூர்க்காரர்கள் சறுக்குகிறார்கள். டியூஷன் சென்டரிலோ தாத்தா வீட்டிலோ லேண்ட்லைன் இருந்தால், பக்கத்து ஊர்தானே என்று எஸ்டிடி கோடு இல்லாமல் எழுதிவிடுகிறார்கள். புதுச்சேரிக்கு 0413, அதன்பின் ஏழு இலக்கம். கடலூருக்கு 04142, அதன்பின் ஆறு இலக்கம். முன்னால் உள்ள 0 போனால் இரண்டுமே பத்து இலக்கம்தான். ஆகவே பட்டியலில் இப்படி இருக்க வேண்டும்:

```
புதுச்சேரி : +91413XXXXXXX
கடலூர்    : +914142XXXXXX
```

பிரான்சில் உறவு இருக்கிற புதுச்சேரி வீடுகளில் இன்னொரு தகராறு. அங்கே இருக்கிற சித்தப்பா தன் நம்பரை 06 என்று தொடங்கித்தான் சொல்வார். அந்த 0 உள்ளூருக்கு மட்டும் உரியது. பட்டியலில் `+336` என்று தொடங்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பில் சில சமயம் நம்பரே மாறி வந்து சேரும். இரண்டு முறை முயன்றும் பொருந்தாவிட்டால் போராட வேண்டாம். அவரை ஆப்பில் குடும்ப உறுப்பினராகச் சேர்த்து, ஆப் வழியாகவே பேசவையுங்கள். அது டேட்டாவில் போகிற அழைப்பு, நம்பர் பட்டியலோடு அதற்குச் சம்பந்தமில்லை. ஆனால் உறுப்பினரானதும் குழந்தை இருக்கும் இடமும் அவருக்குத் தெரியும் என்பதை யோசித்துச் செய்யுங்கள்.

### இரண்டாவது சிம்

முத்தியால்பேட்டையிலிருந்து ஓர் அப்பா வந்தார். டியூஷன் டீச்சர் அழைத்தால் போகவே இல்லை, மூன்று முறை அழித்து அழித்துப் பதிந்தாராம். டீச்சருக்கு அங்கிருந்தே போன் போடச் சொல்லி என் போனுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்கச் சொன்னேன். வந்த நம்பர் வேறு. டீச்சர் எல்லோருக்கும் கொடுத்தது வாட்ஸ்அப் உள்ள நம்பர், அவருடைய போன் வெளியே அழைப்பது இரண்டாவது சிம்மிலிருந்து. அவருக்கே அது தெரியவில்லை.

இதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். யாரும் வாயால் சொல்கிற நம்பரைப் பட்டியலில் ஏற்றுவதில்லை. மிஸ்டு கால் கொடுக்கச் சொல்லி, வந்த நம்பரைத்தான் ஏற்றுவேன். இரண்டு சிம் இருந்தால் வாட்ச்சுக்கு எந்த சிம்மிலிருந்து அழைப்பது என்று அவர் போனில் நிரந்தரமாக வைத்துக்கொடுங்கள். முடியாவிட்டால் இரண்டு நம்பரையும் சேர்க்க வேண்டியதுதான், பட்டியலில் ஒரு இடம் வீணாகும்.

### சில நேரம் போகிறது, சில நேரம் போகவில்லை

நேரம் சார்ந்த கோளாறு என்றால் வகுப்பு நேரப் பூட்டைப் பாருங்கள். `Do not disturb` அல்லது `Class mode` என்று இருக்கும். இதைப் போட்டால் அந்த நேரத்தில் பட்டியலில் உள்ளவர்கள் அழைத்தாலும் பல வாட்ச்சுகள் மறுத்துவிடும்.

அரியாங்குப்பத்திலிருந்து ஓர் அம்மா. நர்ஸ் வேலை, காலை ஷிஃப்ட். மூன்றாம் வகுப்புப் பையனை ஆயாவிடம் விட்டுப் போவார். 7:10க்கு வேன் வரும். வேனில் ஏறினானா என்று கேட்க அந்த நேரத்தில் வாட்ச்சுக்கு அழைத்தால் கட் ஆகிறது. சாயங்காலம் அதே போனிலிருந்து நன்றாகப் போகிறது. நம்பரில் கோளாறு இருந்தால் சாயங்காலமும் போகக்கூடாது, ஆகவே நம்பரை விட்டுவிட்டேன். பூட்டு நேரம் ஆப்பில் 9:00 முதல் 3:45 வரை என்று சரியாகத்தான் இருந்தது.

வாட்ச்சைத் திருப்பிப் பார்த்தேன். என் சுவர்க் கடிகாரத்தில் 11:05. வாட்ச்சில் 1:35.

"அது எப்பவுமே தப்பாதாண்ணா காட்டும். பையன் மணி பாக்கறதுக்கா போட்டிருக்கான்னு வுட்டுட்டோம்" என்றார்.

நேர மண்டலம் சீனாவுக்கு வைத்தபடியே, GMT+8ல் இருந்தது. நம்முடையது GMT+5:30. இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிற கடிகாரத்துக்கு 9:00 என்பது நமக்கு 6:30. அதற்கு 3:45 என்பது நமக்கு 1:15. ஆக, பூட்டு காலை 6:30க்கே விழுந்து மதியம் 1:15க்குத் திறந்துவிடுகிறது. "அப்படின்னா மத்தியானம் கிளாஸ்ல வாட்ச் அடிச்சிருக்குமே?" என்று கேட்டேன். இரண்டு முறை அடித்து மிஸ் திட்டியிருக்கிறார். அது வேறு கோளாறு என்று நினைத்திருக்கிறார்கள். ஆப்பில் நேர மண்டலத்தை GMT+5:30 ஆக்கி, வாட்ச்சை அணைத்துப் போட்டதும் இரண்டு புகாரும் ஒன்றாகத் தீர்ந்தன.

வாட்ச்சின் மணி தப்பாக இருந்தால் அதை முதல் வேலையாகச் சரிசெய்யுங்கள். பட்டியல் அதற்குப் பிறகுதான்.

### எப்போது கடைக்கு?

வேறு கம்பெனி சிம் போட்டும் டவர் வரவில்லை, அல்லது வாட்ச் தண்ணீரில் விழுந்த பிறகு தொடங்கியது என்றால் எடுத்துவாருங்கள். சிம் பிடிப்பு தளர்ந்திருந்தால் சின்ன வேலை. போர்டே போயிருந்தால் பல வாட்ச்சுகளுக்குச் சரிசெய்யும் செலவு புது வாட்ச் விலையை நெருங்கும். திறப்பதற்கு முன் விலை கேட்டுக்கொள்ளுங்கள்.

## பட்டியல் போட்டும் தெரியாத நம்பர்கள் வருகின்றன

மிகச் சாதாரணக் காரணம்: நம்பர்களைப் பதிந்திருக்கிறார்கள், மறுக்கும் பொத்தானைப் போடவில்லை. பதிவது வேறு, மற்றவர்களைத் தடுப்பது வேறு. `Reject strangers` போன்ற பெயரில் தனிப் பொத்தான் இருக்கும். அதைப் போட்டுவிட்டு, பட்டியலில் இல்லாத போனிலிருந்து ஒரு முறை அழைத்துப் பாருங்கள். வாட்ச்சை ரீசெட் செய்தாலோ ஆப் புதுப்பித்தாலோ இந்தப் பொத்தான் சில சமயம் அணைந்துவிடும், அப்போதும் இதே சோதனை.

குழந்தையே வெளி நம்பருக்கு அழைக்கிறது என்றால் வாட்ச்சில் டயல் பலகை திறந்திருக்கிறது. வருவதைத் தடுக்கும் பொத்தான் போவதைத் தடுக்காது. டயல் பலகையை மறைக்க ஆப்பில் தனி இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அழைப்பு நின்று எஸ்எம்எஸ் மட்டும் வந்துகொண்டிருந்தால் அது பட்டியலின் எல்லை, கோளாறு இல்லை. பல வாட்ச்சுகளில் இந்தப் பட்டியல் குரல் அழைப்புக்கு மட்டும்தான். விளம்பரத் தொல்லைக்கு, சிம்மை ஒரு போனில் போட்டு 1909க்கு `START 0` என்று எஸ்எம்எஸ் அனுப்புங்கள். வாட்ச் நம்பரை ரேஷன், கேஸ், கடை பில் என்று எங்கும் கொடுக்காதீர்கள்.

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. விலை குறைந்த பல வாட்ச்சுகள் எஸ்எம்எஸ் கட்டளைக்குக் கீழ்ப்படியும். அந்தக் கட்டளைக்கு உரிய கடவுச்சொல் கம்பெனியிலிருந்து வரும்போதே 123456. அதை யாரும் மாற்றுவதில்லை. பட்டியலில் இல்லாத ஒரு போனிலிருந்து வாட்ச் நம்பருக்கு இதை அனுப்பிப் பாருங்கள்:

```
pw,123456,ts#
```

பதிலாக வாட்ச்சின் அடையாள எண்ணும் அதன் அமைப்புகளும் வந்தால், நம்பர் தெரிந்த எவரும் உங்கள் பட்டியலைச் சுற்றிக்கொண்டு உள்ளே வரலாம் என்று அர்த்தம். இப்படிப்பட்ட வாட்ச்சுகள் சிலவற்றில், மணி அடிக்காமலே மறுமுனையில் இருப்பவர் சுற்றுப் பேச்சைக் கேட்கிற வசதியும் உண்டு. ஒட்டுக்கேட்கும் வசதியுள்ள குழந்தை வாட்ச்சுகளை ஜெர்மனியின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பு 2017 நவம்பரில் தடைசெய்தது. ஆப்பில் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு மறுபடி அதே எஸ்எம்எஸ்ஸை அனுப்புங்கள். பதில் வரக்கூடாது. மாற்ற வழியே இல்லை என்றால் அந்த வாட்ச்சைக் குழந்தை கையில் கட்டாதீர்கள் என்றுதான் நான் சொல்வேன். வாடிக்கையாளர் முகம் சுளித்தாலும் இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

## ஆப்பில் சேர்த்தேன், வாட்ச்சில் வரவில்லை

ஆப்பில் சேமித்ததும் வேலை முடியவில்லை, அது டேட்டா வழியாக வாட்ச்சுக்குப் போய்ச் சேர வேண்டும். ஆப்பில் இடத்தைப் புதுப்பித்துப் பாருங்கள். நேரம் இப்போதையதாக வந்தால் வாட்ச் இணைப்பில் இருக்கிறது. பழைய நேரமே நின்றால் இல்லை. டேட்டா உள்ள ரீசார்ஜ்தானா என்று பாருங்கள், பிறகு டேட்டா இணைப்புக்கு வைக்கிற ஏபிஎன் பெயர் சரியா என்று பாருங்கள். ஏர்டெல்லுக்கு `airtelgprs.com`, ஜியோவுக்கு `jionet`, பிஎஸ்என்எல்லுக்கு `bsnlnet`.

இணைப்பு இருந்தும் வரவில்லை என்றால், மாற்றியவர் யார் என்று கேட்பேன். வாட்ச்சை முதலில் பதிந்த போன்தான் நிர்வாகி. பல ஆப்களில் மற்ற உறுப்பினர்கள் மாற்றினால் அவர்கள் திரையில் மட்டும் மாறும், வாட்ச்சுக்குப் போகாது. அப்பா பதிந்துவிட்டு வேலைக்குப் போயிருப்பார், அம்மா உட்கார்ந்து மாற்றிக்கொண்டிருப்பார்.

பெயருக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தால் அந்த வாட்ச்சில் தமிழ் எழுத்துரு இல்லை. ஆங்கில எழுத்தில் சுருக்கமாக `Aaya`, `Amma` என்று வையுங்கள். படிக்கத் தெரியாத குழந்தைக்குப் படம் வைக்க முடிந்தால் அதுவே நல்லது.

பழைய வாட்ச் வாங்கியிருந்தால் மட்டும் கவனம். முதல் சொந்தக்காரர் தன் ஆப்பிலிருந்து நீக்காமல் விற்றிருந்தால் நிர்வாகி அவர்தான், உங்கள் குழந்தை இருக்கும் இடமும் அவருக்குத் தெரியும். வாட்ச்சை ரீசெட் செய்தால் மட்டும் இது போகாது. அவரைத் தேடிப் பிடித்து நீக்கச் சொல்ல வேண்டும், அல்லது விற்ற கடையைத்தான் பிடிக்க வேண்டும். வாட்ச்சின் பின்புறமோ பெட்டியிலோ உள்ள க்யூஆர் கோடைப் படம்பிடித்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.

## SOS அழுத்தினால் யாரும் எடுக்கவில்லை

பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் வாட்ச் முதல் நம்பரை அழைக்கும். எடுக்காவிட்டால் இரண்டாவது, பிறகு மூன்றாவது. பெரும்பாலான வாட்ச்சுகளில் மூன்று இடம்தான்.

செம்மண்டலத்தில் ஒரு வீடு. முதல் நம்பர் அப்பா. சிப்காட்டில் வேலை, ஆலைக்குள் போன் எடுத்துப்போகக் கூடாது, கேட்டிலேயே வைத்துவிட்டுப் போவார். இரண்டாவது அம்மா, வகுப்பெடுக்கிற நேரத்தில் சைலன்ட். மூன்றாவது துபாயில் இருக்கிற மாமா. பாசத்தின் வரிசையில் பார்த்தால் சரியான வரிசைதான். ஆனால் பிள்ளை சைக்கிளிலிருந்து விழுந்து அழுத்தியது மதியம் 3 மணிக்கு. துபாய் மாமா எடுத்தார், அங்கிருந்து அவர் கடலூருக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டார்.

முதல் இடம், குழந்தை தனியாக இருக்கும் நேரத்தில் போன் கையில் இருப்பவருக்கு. அந்த வீட்டில் அது எதிர்வீட்டு அக்கா. அவரை முதலிலும் அம்மாவை இரண்டாவதிலும் வைத்தோம். அப்பாவுக்கு மூன்றாம் இடம்.

முதல் நம்பரில் வாய்ஸ் மெயிலோ அழைப்பு மாற்றமோ இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். குரல் பதிவு எடுத்துக்கொண்டால், ஆள் எடுத்துவிட்டதாக நினைத்து வாட்ச் அடுத்த நம்பருக்குப் போகாமல் நின்றுவிடும்.

112ஐ SOSல் வைக்கலாமா என்று கேட்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் விளையாட்டாகவே அந்தப் பொத்தானை அழுத்துவார்கள், அதனால் நான் வைப்பதில்லை. ஆப் மூன்று, நான்கு இலக்க நம்பரை ஏற்றால் 112ஐயும், குழந்தைகள் உதவி எண் 1098ஐயும் பேசும் பட்டியலில் வைத்து, பெரிய பிள்ளையானால் எப்போது அழைப்பது என்று சொல்லிக்கொடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருக்கும் சொல்லிவிட்டு ஒரு சோதனை செய்யுங்கள். முதல் ஆள் வேண்டுமென்றே எடுக்கக் கூடாது, இரண்டாவது ஆளும் எடுக்கக் கூடாது. மூன்றாவது போன் அடிக்கிறதா என்று பாருங்கள்.

## பட்டியல் நிறைந்துவிட்டது, யாரை எடுப்பது என்று தெரியவில்லை

இதைக் கோளாறு என்று யாரும் கொண்டுவருவதில்லை. ஆனால் மேலே சொன்னவற்றில் பாதி இங்கிருந்துதான் முளைக்கிறது. பல ஆப்களில் 10 அல்லது 15 பேருக்குத்தான் இடம். வீட்டில் வருத்தப்படுவார்களே என்று அத்தை, பெரியப்பா, ஊரிலிருக்கிற எல்லோரையும் ஏற்றிவிடுகிறார்கள். கடைசியில் வேன் அக்காவுக்கு இடமில்லை.

லாஸ்பேட்டைக் குடும்பம் ஒன்று 15 பேரோடு வந்தது. பாப்பாவுக்கு 7 வயது. ஒவ்வொரு பெயருக்கும் இரண்டே கேள்வி கேட்டேன். இந்த ஒரு மாதத்தில் இவர் வாட்ச்சுக்கு அழைத்தாரா? பாப்பா அழைத்தால் கால் மணி நேரத்தில் நேரில் போய் நிற்பாரா? இரண்டுக்கும் இல்லை என்றால் அவர் அம்மா போனில் பேசிக்கொள்ளலாம். அப்படியே எட்டுப் பெயர் போய்விட்டது. அம்மா, அப்பா, ஆயா, பக்கத்து வீடு, முதலியார்பேட்டை சித்தப்பா, வேன் அக்கா, ஒரு மாமா என்று ஏழு நின்றது.

வேனில் டிரைவரைச் சேர்ப்பதா, பிள்ளைகளை ஏற்றி இறக்கும் அக்காவைச் சேர்ப்பதா என்று அப்பா கேட்டார். இரண்டு பேருமே பெற்றோருக்கு அழைத்தால் போதும் என்பது என் எண்ணம். சேர்த்தே ஆக வேண்டும் என்றால் ஏற்றி இறக்குபவர் மட்டும். பட்டியலில் இருப்பவர் என்றால், நீங்கள் பக்கத்தில் இல்லாதபோது குழந்தையோடு தனியே பேச அனுமதி பெற்றவர் என்று பொருள். அந்த அனுமதியைத் தொழில் நிமித்தம் யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை. டியூஷன், டான்ஸ் கிளாஸ் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். தோழிகள் என்றால், தோழியின் அம்மா நம்பர் ஒன்று, சாயங்காலம் மட்டும். வகுப்பில் எல்லோரும் எல்லோருடைய நம்பரையும் மாற்றிக்கொள்ள ஆரம்பித்தால் பட்டியல் போட்டதற்கே அர்த்தம் இல்லாமல் போகும்.

மிச்சமிருந்த ஏழு பெயரையும் பாப்பாவிடமே காட்டச் சொன்னேன். வாட்ச்சில் ஒவ்வொரு பெயராகத் தள்ளிக்கொண்டே போனாள். ஆயா படம் வந்ததும் சிரித்தாள், "எனக்கு முறுக்கு கொண்டாருவாங்க" என்றாள். அந்த மாமா பெயர் வந்ததும் விரல் நின்றுவிட்டது. வாட்ச்சை அம்மா மடியில் வைத்துவிட்டு அவர் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். அம்மா என்னைப் பார்த்தார், நான் எதுவும் கேட்கவில்லை. அந்தப் பெயரை அங்கேயே எடுத்துவிட்டோம். வீட்டுக்குப் போய்ப் பொறுமையாகப் பேசுங்கள், என்ன செய்வதென்று தெரியாவிட்டால் 1098ல் கேளுங்கள் என்று மட்டும் அந்த அம்மாவிடம் தனியே சொன்னேன். அதற்குப் பிறகு, பட்டியலைப் பிள்ளையிடம் காட்டாமல் நான் யாருக்கும் முடித்துக் கொடுப்பதில்லை. பிள்ளை ஒரு பெயரில் தயங்கினால் காரணம் சொல்லும் வரை காத்திருக்காமல் எடுத்துவிடுங்கள். அந்த உறவுக்காரர் கேட்டால் இடம் நிறைந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

பட்டியலைத் திருத்தவென்று தனியாக நாள் குறிக்க வேண்டாம். வாட்ச் சிம்முக்கு ரீசார்ஜ் போடுகிற அன்றே பாருங்கள். வேன் மாறியிருக்கும், டியூஷன் நின்றிருக்கும், வேலைக்கு வந்த அக்கா போயிருப்பார். நீக்கியதும், முடிந்தால் அந்த நம்பரிலிருந்து ஒரு அழைப்பு போடச் சொல்லுங்கள். அந்த ஆள் கிடைக்கமாட்டார் என்றால் வாட்ச்சிலேயே பட்டியலைத் திறந்து அந்தப் பெயர் போய்விட்டதா என்று பாருங்கள். ஆப்பில் போயும் வாட்ச்சில் நின்றுகொண்டிருந்தால் அது மேலே சொன்ன டேட்டா கோளாறு. வாட்ச்சை ஒரு முறை அணைத்துப் போட்டு, பத்து நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள்.